ஒரே செய்தி, இரண்டு வாசகங்கள்: பட்டியலைப் பாதியாகப் பிரித்துப் பதில் விகிதத்தைப் படிப்பது எப்படி

நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்புபவர்களுக்கு ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். வேறு மாதிரி எழுதியிருந்தால் இன்னும் நாலு பேர் பதில் சொல்லியிருப்பார்களோ? இந்த வாரம் ஒரு மாதிரி, அடுத்த வாரம் வேறு மாதிரி எழுதி ஒப்பிட்டால் விடை கிடைக்காது. வாரம் மாறும்போது வானிலை, விடுமுறை, தேர்வு, மக்களின் மனநிலை எல்லாமே மாறிவிடும். அதனால் ஒரே நாளில், ஒரே நேரத்தில், பட்டியலின் ஒரு பாதிக்கு ஒரு வாசகமும் மறுபாதிக்கு இன்னொன்றும் அனுப்பிப் பார்க்க வேண்டும். ஏபி டெஸ்ட் என்று சொல்வது இதைத்தான்.

செய்வது எளிது. வந்த எண்களைத் தப்பாகப் படிப்பது அதைவிட எளிது. நானும் பலமுறை தப்பாகப் படித்திருக்கிறேன். அதனால் ஒரே ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து கடைசி எண் வரை போகலாம். இதில் வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. பட்டியலில் 480 பேர். மாதம் ஒருமுறை, சனிக்கிழமை வகுப்பில் பாடம் சொல்லித்தர யார் வருகிறார்கள் என்று வாட்ஸாப்பில் பிராட்காஸ்ட் போகிறது. இதுவரை அனுப்பிவந்த வாசகத்தை ஏ என்போம். அதன் கடைசி வரி: “விருப்பமுள்ளவர்கள் பதில் அனுப்பவும்.” புதிதாகச் சோதிக்க நினைக்கும் வாசகம் பி. அதன் கடைசி வரி: “இந்தச் சனிக்கிழமை உங்களால் வர முடியுமா? ‘வருகிறேன்’ அல்லது ‘முடியாது’ என்று ஒரு சொல் அனுப்பினால் போதும்.” மேலே உள்ள நாள், நேரம், இடம் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

அனுப்புவதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

முதல் வேலை பட்டியலைத் தொடுவதல்ல. ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதி, தேதி போட்டு வையுங்கள். எதைப் பதிலாக எண்ணப்போகிறோம்? எத்தனை மணி நேரம் வரை வருவதை எண்ணுவோம்? எத்தனை முறை அனுப்பிய பிறகு முடிவு எடுப்போம்?

இவற்றில் முதலாவதுதான் சிக்கலானது. பதில் என்றால் திரும்பி வரும் எதுவும் பதிலா? “யாருங்க இது?” என்பதும் பதில்தான். “எத்தனை மணிக்கு?” என்பதும் பதில்தான். செய்தியைக் குழப்பமாக எழுதினால் கேள்விகள் அதிகம் வரும், பதில் விகிதமும் ஏறும். பார்ப்பதற்கு வெற்றி மாதிரியே இருக்கும். நமது எடுத்துக்காட்டில் இன்னொன்றும் இருக்கிறது: பி வாசகம் “முடியாது” என்று சொல்லவும் கதவைத் திறந்து வைக்கிறது. இதுவரை பேசாமல் இருந்தவர்கள் இப்போது “முடியாது” என்பார்கள், மொத்தப் பதில்கள் கூடும். ஆனால் வகுப்புக்கு வருபவர் ஒருவர்கூடக் கூடாமல் போகலாம்.

அதனால் பதில்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வருகிறேன், முடியாது, கேள்வி, மற்றவை. நாம் முடிவெடுக்கும் எண் “வருகிறேன்” மட்டும். மீதியையும் குறித்து வைக்கலாம், ஆனால் தீர்ப்பு அவற்றின் கையில் இல்லை. இரண்டுங்கெட்டான் பதில்களுக்கும் இப்போதே விதி எழுதுங்கள். “பார்க்கிறேன்” என்றால் மற்றவை. வெறும் கட்டைவிரல் படம் வந்தால் மற்றவை. பதில் எழுதாமல் போனில் அழைத்து வருகிறேன் என்றால் அது “வருகிறேன்”. எந்த விதி என்பதைவிட, அது இரண்டு பாதிக்கும் ஒன்றாக இருப்பதும், எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருப்பதும்தான் முக்கியம். வெறும் கட்டைவிரல் ஏ பாதியில்தான் அதிகம் வரும், ஏனென்றால் அங்கே என்ன எழுதுவது என்று நாம் சொல்லித்தரவில்லை. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பிற்பாடு யோசித்தால், மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அது விழும்.

நேர எல்லை 48 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 48 மணி நேரத்துக்குள் நினைவூட்டல் எதுவும் போகக்கூடாது. எத்தனை முறை அனுப்புவது என்பதற்கு நான்கு என்று எழுதுகிறேன். காரணம் கொஞ்சம் கீழே வரும்.

பட்டியலைப் பிரித்தல்

பட்டியலில் முதல் 240 பேருக்கு ஏ, மீதிப் பேருக்கு பி என்று பிரிப்பதுதான் பலரும் செய்வது. பட்டியல் பெரும்பாலும் ஆட்கள் சேர்ந்த வரிசையில் இருக்கும், அல்லது நாம் போனில் பெயர் சேமித்த முறையில் இருக்கும். முதலில் சேர்ந்தவர்கள் நெருக்கமானவர்கள், எதைக் கேட்டாலும் பதில் சொல்வார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்கள் ஒரு கூட்டத்தில் எண் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அப்படிப் பிரித்தால் நாம் ஒப்பிடுவது வாசகங்களை அல்ல, பழையவர்களையும் புதியவர்களையும்.

குலுக்கல்தான் வழி. பட்டியலை ஒரு ஷீட்டில் போடுங்கள். எந்தப் பட்டியலிலும் பெரும்பாலான பதில்கள் ஒரு சிறு கூட்டத்திடமிருந்தே வரும். கடந்த மூன்று செய்திகளில் ஒன்றுக்காவது பதில் சொன்னவர்களை “பேசுபவர்” என்றும், மற்றவர்களை “மௌனம்” என்றும் ஒரு நெடுவரிசையில் குறியுங்கள். 480 பேரில் 90 பேர் பேசுபவர் என்று வைத்துக்கொள்வோம். வெறும் குலுக்கலில் ஒரு பாதிக்கு 52 பேரும் மறுபாதிக்கு 38 பேரும் போய்விடலாம். அது மட்டுமே பதில் எண்ணிக்கையைச் சாய்த்துவிடும். அதைத் தடுக்க முதலில் வகையைப் பிரித்து, ஒவ்வொரு வகைக்குள்ளும் குலுக்க வேண்டும்.

ஏ நெடுவரிசையில் பெயர், பி-யில் எண், சி-யில் பேசுபவரா மௌனமா என்பது. டி-யில் இந்தச் சூத்திரம்:

```
=RAND()
```

இது 0-க்கும் 1-க்கும் இடையே ஏதோ ஓர் எண்ணைத் தரும். ஷீட்டில் எதைத் தொட்டாலும் அந்த எண் மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள். அதனால் சூத்திரத்தைக் கீழ்வரை இழுத்ததும், அந்த நெடுவரிசை முழுவதையும் நகலெடுத்து, மதிப்புகளை மட்டும் அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். இதை நான் ஒருமுறை மறந்துவிட்டேன். அனுப்பி முடித்து மறுநாள் ஷீட்டைத் திறந்தால் யார் எந்தப் பாதி என்பதே மாறிப்போயிருந்தது. அந்தச் சோதனையை அப்படியே தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

அப்புறம் முதலில் சி வரிசைப்படியும், அதற்குள் டி வரிசைப்படியும் அடுக்குங்கள். அடுக்கிய பிறகு ஈ நெடுவரிசையில்:

```
=IF(MOD(ROW(),2)=0,"A","B")
```

ஒன்றுவிட்டு ஒன்று ஏ, பி என்று விழும். பேசுபவர் 90 பேரும் 45, 45 ஆகப் பிரிவார்கள். இந்த நெடுவரிசையையும் உடனே மதிப்பாக ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் பிறகு வேறு வரிசையில் அடுக்கினால் இதுவும் மாறும்.

ஒரே வீட்டில் இரண்டு பேர் பட்டியலில் இருந்தால், இருவரையும் ஒரே பாதியில் போடுங்கள். கணவருக்கு ஒரு மாதிரியும் மனைவிக்கு வேறு மாதிரியும் வந்தால், இருவரும் சேர்ந்து படித்துவிட்டு ஒருவர் மட்டும் பதில் சொல்வார். அந்தப் பதில் எந்த வாசகத்தால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்கு ஒருவரை மட்டும் குலுக்கலில் வைத்து, மற்றவரை அவர் பின்னால் அனுப்புவது எளிய வழி. பாதிகள் 241, 239 என்று ஆனாலும் பரவாயில்லை.

அனுப்புதல்

வாட்ஸாப்பின் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். 240 பேர் கொண்ட ஒவ்வொரு பாதியும் ஒரே லிஸ்ட்டில் அடங்கிவிடும் என்பதால் நமக்கு வசதி. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே இந்தச் செய்தி போய்ச் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். குரூப்பில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அங்கே ஒருவர் “வருகிறேன்” என்றதைப் பார்த்துத்தான் அடுத்தவர் சொல்கிறார், ஒவ்வொரு பதிலும் தனிப் பதில் அல்ல.

இரண்டு பாதிக்கும் அடுத்தடுத்து அனுப்புங்கள், இடையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். எதை முதலில் அனுப்புவது என்பதற்கு நாணயத்தைச் சுண்டலாம், அல்லது ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ளலாம். அனுப்பிய பிறகு செய்தியைத் திறந்து, எத்தனை பேருக்குச் சேர்ந்தது என்பதை இரண்டு பக்கமும் பாருங்கள். ஒன்றில் 214, மற்றதில் 209 என்றால் சரி. ஒன்றில் 214, மற்றதில் 160 என்றால் லிஸ்ட் உருவாக்கும்போதே ஏதோ தவறிவிட்டது. பதிலை எண்ணாமல் முதலில் அதைச் சரிபாருங்கள்.

விகிதம் போடும்போது கீழே வர வேண்டிய எண் 240 தான், சேர்ந்தவர்களின் எண்ணிக்கை அல்ல. படித்தவர்களின் எண்ணிக்கையும் அல்ல. பலர் நீல டிக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதோடு, செய்தியின் முதல் வரி எப்படி இருக்கிறது என்பதே ஒருவர் அதைத் திறப்பாரா என்பதைத் தீர்மானிக்கலாம். திறந்தவர்களை மட்டும் எண்ணினால், குலுக்கலால் கிடைத்த சமநிலையை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

பதில்கள் ஒவ்வொருவரின் தனி உரையாடலில் வந்து விழும். அங்கேயே வகை பிரிக்காதீர்கள். பதிலுக்கு மேலேயே நீங்கள் அனுப்பிய வாசகம் தெரியும், உங்களுக்குப் பிடித்த வாசகத்துக்கு “பார்க்கிறேன்” என்று வந்தால்கூட அதை வருகிறேன் என்று எண்ணத் தோன்றும். முதலில் பதில் சொற்களை மட்டும் ஷீட்டில் அந்தந்தப் பெயருக்கு எதிரே நகலெடுங்கள். 48 மணி நேரம் முடிந்த பிறகு, யார் எந்தப் பாதி என்று காட்டும் ஈ நெடுவரிசையை மறைத்துவிட்டு வகை பிரியுங்கள். உதவிக்கு ஒருவர் இருந்தால் அவரிடமே கொடுத்துவிடலாம். எந்தப் பாதி என்று தெரியாதவர் பிரிப்பது எல்லாவற்றிலும் நல்லது.

எப் நெடுவரிசையில் வகை இருந்தால் எண்ணிக்கை இப்படி:

```
=COUNTIFS(E:E,"A",F:F,"வருகிறேன்")
```

முதல் முறை வந்த எண்கள்

ஏ பாதியில் 29 பதில்கள், பி பாதியில் 47. விகிதத்தில் சொன்னால் 12.1 சதவீதமும் 19.6 சதவீதமும். பார்த்தவுடன் பி ஜெயித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. வாசகத்தில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் இரண்டு பாதிகளும் ஒரே எண்ணைத் தருமா? தராது. ஒரே நாணயத்தை இரண்டு பேர் 240 முறை சுண்டினால் இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் தலை விழுவது அரிது. அது போலத்தான். அந்த ஆட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரிந்தால்தான் 18 என்ற வித்தியாசம் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும்.

பாதிகள் சம அளவில் இருக்கும்போது இதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. இரண்டு எண்களின் வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். இரண்டு எண்களையும் கூட்டி, நாலால் பெருக்குங்கள். முதலாவது பெரிதாக இருந்தால், வெறும் தற்செயலால் இவ்வளவு வித்தியாசம் வருவது அரிது, இருபதில் ஒரு தடவைக்கும் குறைவு. சிறிதாக இருந்தால், தற்செயலை ஒதுக்கிவிட முடியாது. பதில் விகிதம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை இது நன்றாகப் பொருந்தும். அதற்கு மேலே போனால் தேவைக்கு அதிகமாகவே கறாராக இருக்கும், அதனால் ஏமாற்றாது. மொத்தப் பதில்கள் இருபதுக்கும் குறைவாக இருந்தால் மட்டும் இதை நம்ப வேண்டாம்.

இப்போது 18-ஐ 18-ஆல் பெருக்கினால் 324. மொத்தம் 76, நாலால் பெருக்கினால் 304. மயிரிழையில் தாண்டுகிறது. சரி, பி வாசகம் அதிகப் பதில்களைக் கொண்டுவருகிறது என்று ஓரளவு நம்பலாம்.

ஆனால் நாம் தாளில் எழுதியது மொத்தப் பதில் அல்ல. பிரித்துப் பார்த்தால் ஏ பாதியில் 22 பேர் வருகிறேன், 3 பேர் முடியாது, 4 பேர் கேள்வியும் மற்றவையும். பி பாதியில் 26 பேர் வருகிறேன், 17 பேர் முடியாது, 4 பேர் கேள்வியும் மற்றவையும். கூடிய 18 பதில்களில் 14 “முடியாது”. “வருகிறேன்” கணக்கில் வித்தியாசம் 4 தான். நாலு நாலு 16, எதிரே 48 பெருக்கல் 4, அதாவது 192. கிட்டேகூட வரவில்லை.

இங்கேதான் முன்கூட்டி எழுதிய தாள் நம்மைக் காப்பாற்றுகிறது. அது இல்லாவிட்டால் “பதில் விகிதம் 12-லிருந்து 20 ஆனது” என்று குழுவில் சொல்லியிருப்போம். அது பொய்யும் அல்ல, ஆனால் கேட்ட கேள்விக்கான விடை அல்ல. “முடியாது” என்பதும் உங்களுக்குப் பயனுள்ளது என்றால், அதாவது மறுபடி கேட்க வேண்டாதவர்களைக் கழித்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், அதையும் முதலிலேயே தாளில் எழுதியிருக்கலாம். அப்போது பி வாசகம் நிச்சயம் உதவுகிறது: 17-க்கு எதிராக 3, பதினாலு பதினாலு 196, எதிரே 80.

ஒரே வாசகத்தை இரண்டு பாதிக்கும் அனுப்பிப் பாருங்கள்

மேலே சொன்ன கைக்கணக்கில் நம்பிக்கை வரவில்லை என்றால், ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். பட்டியலை அதே முறையில் பிரித்து, இரண்டு பாதிக்கும் ஏ வாசகத்தையே அனுப்புங்கள். எண்ணுங்கள். ஒன்றில் 21, மற்றதில் 30 என்று வரலாம். ஒன்பது ஒன்பது 81, எதிரே 204. கணக்கின்படி இது சாதாரணமாக வரும் ஆட்டம். ஆனால் சதவீதமாகச் சொல்லிப் பாருங்கள்: ஒரு பாதி மற்றதைவிட 43 சதவீதம் அதிகம்! எழுத்துக்கூட மாறாத செய்திக்கு 43 சதவீத வெற்றி. இதை ஒருமுறை சொந்தப் பட்டியலில் பார்த்தவர் அப்புறம் எந்த ஏபி டெஸ்ட் முடிவையும் அவசரப்பட்டு நம்பமாட்டார். எனக்கு இந்த ஒரு பயிற்சி கற்றுத்தந்த அளவுக்கு எந்தச் சூத்திரமும் கற்றுத்தரவில்லை.

நான்கு முறை ஏன்

240 பேர் கொண்ட பாதிகளால் எவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பார்க்க முடியும்? பத்து சதவீதம் பேர் வருகிறேன் என்று சொல்லும் பட்டியலில், புது வாசகம் அதை 20 சதவீதமாக இரட்டிப்பாக்கினால், பாதிக்கு 200 பேர் இருந்தாலே ஐந்தில் நான்கு தடவை அது கண்ணில் படும். 15 சதவீதமாகத்தான் உயர்த்துகிறது என்றால் பாதிக்கு ஏறத்தாழ 690 பேர் வேண்டும். 12 சதவீதமாக என்றால் 3,800-க்கும் மேல். வித்தியாசம் சிறுத்தால் தேவைப்படும் ஆட்கள் அதைவிட வேகமாகப் பெருகுகிறார்கள்.

இரட்டிப்பாக்கும் வாசகம் அரிது. அதனால் நம் பட்டியலுக்கு ஒரு தடவை போதாது. பல முறை அனுப்பி, கூட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்க வேண்டும். பழைய பாதிகளையே வைத்துக்கொண்டால், முதல் குலுக்கலில் தற்செயலாக ஆர்வமானவர்கள் ஒரு பக்கம் சேர்ந்திருந்தால், அந்தச் சாய்வு நான்கு முறையும் அப்படியே வரும். கூட்டும்போது அது பெரிய வெற்றி போலத் தெரியும். புதிதாகக் குலுக்குவதிலும் ஒரு சின்னக் குறை இருக்கிறது: போன மாதம் பி வாசகம் பெற்றவர், இந்த மாதம் ஏ வந்தாலும் பழக்கத்தில் “முடியாது” என்று எழுதலாம். அது வித்தியாசத்தைக் கொஞ்சம் மங்கவைக்கும், இல்லாததை உண்டாக்காது. அதனால் பொறுத்துக்கொள்ளலாம்.

நான்கு என்ற எண்ணை முதலிலேயே எழுதச் சொன்னதற்குக் காரணம், நடுவில் நிறுத்தும் ஆசை. ஒவ்வொரு முறையும் கணக்கைப் போட்டுப் பார்த்து, தாண்டியதும் நிறுத்திவிடுவது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஐந்து தடவை அப்படிப் பார்த்தால், வித்தியாசமே இல்லாத இடத்தில் வெற்றி என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14 சதவீதமாக ஏறிவிடும். எண்களைப் பார்க்கலாம், தப்பில்லை. முடிவை மட்டும் நான்காவது முறைக்கு அப்புறம் எடுங்கள்.

நமது எடுத்துக்காட்டில் “வருகிறேன்” எண்கள் நான்கு மாதத்துக்கும் இப்படி வந்தன என்போம். முதல் மாதம் ஏ 22, பி 26. இரண்டாவது 19, 31. மூன்றாவது 24, 29. நான்காவது 20, 30. தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், எந்த மாதமும் கோட்டைத் தாண்டாது. இரண்டாவது மாதம்கூட 144-க்கு எதிராக 200. கூட்டினால் ஏ 85, பி 116. வித்தியாசம் 31, பெருக்கினால் 961. மொத்தம் 201, நாலால் பெருக்கினால் 804. தாண்டிவிட்டது. நான்கு மாதமும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதும் ஆறுதல்.

இதைக் குழுவிடம் எப்படிச் சொல்வது? 85-ஐ 960-ஆல் வகுத்தால் 8.9 சதவீதம், 116-க்கு 12.1 சதவீதம். வித்தியாசம் 3.2 புள்ளி. ஆனால் அந்த 3.2 கல்லில் எழுதிய எண் அல்ல. கணக்கின்படி உண்மையான வித்தியாசம் ஏறத்தாழ அரைப் புள்ளியிலிருந்து 6 புள்ளி வரை எதுவாகவும் இருக்கலாம். 480 பேருக்கும் பி வாசகத்தை அனுப்பினால் மாதம் 15 பேர் கூடுதலாக வருகிறேன் என்று சொல்லலாம் என்பது நமது மதிப்பீடு. அது இரண்டே பேராகவும் இருக்கலாம், 29 பேராகவும் இருக்கலாம். இந்த மூன்று எண்களையும் சேர்த்தே சொல்லுங்கள். 15 என்று மட்டும் சொன்னால், அடுத்த மாதம் 6 பேர் கூடும்போது யாரோ வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பேச்சு வரும்.

ஒரு ஆசை இப்போது தலைதூக்கும். இளைஞர்களிடம் பி எப்படி? பெண்களிடம்? புதியவர்களிடம்? பத்து விதமாக வெட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு துண்டில் பெரிய வித்தியாசம் கட்டாயம் தெரியும், தற்செயலாகவே தெரியும். அதை அடுத்த சோதனைக்கான கேள்வியாகக் குறித்து வைக்கலாம், விடையாக அல்ல.

பதில் சொன்னவர்கள் வந்தார்களா

பதில் விகிதம் அளப்பது ஒரு சொல்லை மட்டும்தான். “வருகிறேன்” என்று ஒரு சொல் அனுப்புவதை நாம் மிக எளிதாக்கிவிட்டோம். எளிதாக வந்த சொல் எளிதாகக் கைவிடவும் படலாம். அதனால் வகுப்பு நடந்த அன்று யார் வந்தார்கள் என்பதையும் அதே ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதத்தில் ஏ பாதியில் வருகிறேன் என்ற 85 பேரில் 68 பேர் வந்தார்கள், பி பாதியில் 116 பேரில் 81 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொன்னபடி வந்தவர்கள் ஏ பக்கம் 80 சதவீதம், பி பக்கம் 70. கூடுதலாகச் சம்மதித்தவர்களில் கணிசமானோர் வரவில்லை என்று தோன்றுகிறது. வந்தவர்களை நேரடியாக ஒப்பிட்டால் 68-க்கு 81, வித்தியாசம் 13, பெருக்கினால் 169. எதிரே 149 பெருக்கல் 4, அதாவது 596. பி வாசகம் வகுப்பை நிரப்புகிறது என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. சம்மதத்தைக் கூட்டுகிறது என்று மட்டுமே சொல்லலாம்.

இந்த நிலையில் நான் பி வாசகத்துக்கு மாறிவிடுவேன். அது எதையும் கெடுக்கவில்லை, எண்கள் அதன் பக்கமே சாய்கின்றன, “முடியாது” என்பவர்களும் தெரிகிறார்கள். அடுத்த சோதனையைக் கடைசி வரியில் வைக்கமாட்டேன். வருகிறேன் என்றவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை அனுப்பும் நினைவூட்டலில் வைப்பேன். அங்கே பட்டியல் சிறிது, மாதம் ஐம்பது அறுபது பேர்தான். பாதிக்கு முப்பது பேரை வைத்து நாலு மாதத்தில் எதுவும் தெரியாது. அதனால் தாளில் இந்தத் தடவை பன்னிரண்டு முறை என்று எழுத வேண்டியிருக்கும், எண்ண வேண்டியதும் பதிலை அல்ல, வகுப்பில் கையெழுத்துப் போட்டவர்களை.